சுவரோரத்து வேம்பு: அண்ணாச்சிக்கு ஒரு கடிதம்

பெருமாள்புரம்,
பாளையங்கோட்டை.
24-08-2025

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். நாங்கள் எல்லோரும் நலம். உங்களுக்கு மூட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது? மதினிக்குத் தாம்பரத்துத் தண்ணீர் ஒத்துக்கொண்டதா? உங்கள் வீட்டில் குடியிருக்கும் தம்பி நல்ல மாதிரி. வாசல் தெளித்துக் கோலம் போடாத நாள் இல்லை, அந்தப் பிள்ளை. வீட்டைப் பற்றி நீங்கள் கவலைப்பட ஒன்றும் இல்லை.

நான் எழுதுவது ஆச்சி நட்ட வேம்பைப் பற்றி. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பாதி சொல்வதற்குள் பேச்சு கல்யாணம் காட்சி என்று போய்விடும், நமக்கு அப்படித்தானே வழக்கம். அதோடு, எழுதினால் நீங்களும் மதினியும் உங்கள் மகனும் நிதானமாகப் படித்துப் பேசி முடிவெடுக்கலாம். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: மரத்தை வெட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். கோடையில் எங்கள் கிழக்கு அறையில் படுக்க முடிகிறது என்றால் அது அந்த நிழலால்தான்.

சிக்கல் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் காம்பவுண்டுச் சுவரில். வாசலிலிருந்து எண்ணினால் இரண்டாவது தூணுக்கும் மூன்றாவது தூணுக்கும் இடைப்பட்ட எட்டடி. 2023 டிசம்பர் மழை வெள்ளத்தில் அந்த இடத்தில் மண் இளகி, சுவர் லேசாக உட்கார்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது சிமெண்டு வைத்துப் பூசினோம். பூச்சு நிற்கவில்லை. இப்போது விரிசல், செங்கல்லுக்குச் செங்கல் படிக்கட்டு மாதிரி ஏறி மேலே போகிறது. அடியில் நூல் நுழையும் அளவு, உச்சியில் என் சுண்டுவிரல் நுழைகிறது. சித்திரையில் விரிசலின் இரண்டு கரையிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி வைத்தேன். அந்தக் கோடுகள் இப்போது ஒரு ரூபாய் நாணயத்தின் கனம் விலகி நிற்கின்றன. கொத்தனார் வந்து தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தார். சுவரின் தலை எங்கள் பக்கமாக இரண்டு அங்குலம் சாய்ந்திருக்கிறது.

தம்பியிடம் கேட்டுக்கொண்டு உங்கள் பக்கம் கொஞ்சம் மண்ணை விலக்கிப் பார்த்தோம். முழங்கை தடிமனுக்கு ஒரு வேர், கருங்கல் அஸ்திவாரத்துக்கு அடியில் நுழைந்து கல்லை உங்கள் பக்கத்திலிருந்து தூக்குகிறது. அதனால்தான் சுவர் எங்கள் பக்கம் சாய்கிறது. எங்கள் பக்கம் துவைக்கிற கல் இருக்கிறது, மழைநீர்த் தொட்டியும் இருக்கிறது. ஈரம் இருக்கும் பக்கம்தான் வேர் வரும். மரத்தைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? அது அங்கே நின்றதற்குப் பிறகுதானே எங்கள் அப்பா சுவரைக் கட்டினார். அப்போது அது ஆள் உயரக் கன்று, நாலரை அங்குலச் சுவர் போதும் என்று நினைத்துவிட்டார்கள். விரிசலுக்குள் ஒரு அரசங்கன்றும் முளைத்திருந்தது. அது காக்கை போட்ட விதை, உங்கள் கணக்கில் சேராது. அதை வேரோடு பிடுங்கிவிட்டேன்.

கொத்தனார் சொன்ன வழி சுலபமானது: வேரை அறுத்துவிட்டு சுவரைத் திரும்பக் கட்டு. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. அடிமரம் சுவரிலிருந்து நாலடிதான். இந்த வேர் மேற்குப் பக்கத்து வேர். நம் ஊரில் ஆனி, ஆடியில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேல்காற்றுக்கு மரம் கிழக்கே சாயும்போது அதை இழுத்துப் பிடித்து நிறுத்துவது மேற்கு வேர்தான், பந்தல் கயிறு மாதிரி. அதை அறுத்தால் இந்த வருஷம் ஒன்றும் ஆகாது. இரண்டு மூன்று வருஷம் கழித்து, அறுபட்ட இடம் அழுகி, ஒரு ஆடியில் மரம் உங்கள் போர்டிகோ மேல் விழும். அங்கே தம்பியின் பிள்ளை மூன்று சக்கர சைக்கிள் ஓட்டுகிறான்.

அதனால் வேறு ஒரு வழி கேட்டேன், கொத்தனாரும் சரி என்றார். அந்த எட்டடியை மட்டும் பிரித்து எடுத்துவிட்டு, வேர் போகும் இடத்தில் அஸ்திவாரக் கல்லையும் எடுத்துவிடுவது. இரண்டு தூண்களுக்கும் அடியில் பலப்படுத்தி, தூணுக்குத் தூண் கம்பி கட்டிய கான்கிரீட் பெல்ட் ஒன்று போட்டு, அதன் மேல் சுவரை எழுப்புவது. பெல்ட்டுக்கும் வேருக்கும் நடுவே நாலு அங்குலம் இடைவெளி இருக்கும். வேர் இன்னும் பருத்தாலும் சுவரைத் தொடாது. இடைவெளியில் மணலை நிரப்பினால் பாம்பு, கீரி நுழையாது. பென்சில் கனத்துச் சிறு வேர்கள் சில குறுக்கே வரும். அவற்றை ரம்பத்தால் சுத்தமாக அறுத்தால் மரத்துக்கு ஒன்றும் செய்யாது. மண்வெட்டியால் கொத்திப் பிய்க்க மட்டும் விட மாட்டேன்.

அப்புறம் கிளைகள். இரண்டே இரண்டு. ஒன்று எங்கள் மொட்டை மாடிக்கு மேலே வந்துவிட்டது. மாசி, பங்குனியில் இலை உதிரும்போது மழைநீர்க் குழாயின் வாய் அடைத்துக்கொள்கிறது. அது பெரிய விஷயமில்லை, கூட்டித் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறேன். இன்னொன்றுதான் பயம். கம்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் கரண்டு ஒயரில் உரசுகிறது. இந்த ஆடிக்காற்றில் ஒரு ராத்திரி பொறி பறந்ததை என் மகள் பார்த்திருக்கிறாள்.

எங்கள் பக்கம் வந்த கிளையை நாங்களே வெட்டிக்கொள்ளலாம், கேட்கத் தேவையில்லை என்று தெருவில் இரண்டு பேர் சொன்னார்கள். இருக்கலாம். ஆச்சி கையால் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரத்தில், மஞ்சள் துணி கட்டிக் கும்பிட்ட மரத்தில், உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அரிவாள் வைக்க எனக்குக் கை வராது.

வெட்டுவதையும் முறையாகச் செய்ய வேண்டும். எங்கள் பக்கம் மட்டும் கழித்தால் பாரம் முழுக்க உங்கள் பக்கம் போய்விடும். அதனால் உங்கள் பக்கத்திலும் போர்டிகோவுக்கு மேலே நீண்டிருக்கும் ஒரு கிளையைக் கொஞ்சம் குறைத்தால் நல்லது என்கிறார் மரம் ஏறுகிற ஆள். அது உங்கள் விருப்பம். மொத்தத்தில் கால்வாசிக்கு மேல் தழை போகக்கூடாது என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். முதலில் அடியிலிருந்து ஒரு வெட்டு, பிறகு மேலிருந்து; அப்போதுதான் கிளை முறிந்து விழும்போது அடிமரத்துப் பட்டை உரியாது. இவர் அது தெரிந்த ஆள். போன தடவை தெருமுனைப் புங்கையை ஒருவர் மொட்டையடித்தாரே, அவர் இல்லை. வெட்டுகிற அன்றைக்கு மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, கரண்டை நிறுத்தி வைக்க நான் ஏற்பாடு செய்கிறேன்.

செலவுக்கு வருகிறேன். சுவருக்குச் செங்கல், சிமெண்டு, எம்-சாண்ட், கம்பி, கொத்தனார், சித்தாள் கூலி எல்லாம் சேர்த்து 16,500 ரூபாய் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். மரத்துக்குக் கூலி 4,500. ஆக 21,000. சுவர் எங்கள் இடத்தில், மரம் உங்கள் இடத்தில், நிழல் இரண்டு பேருக்கும். அதனால் ஆளுக்குப் பாதி, 10,500 என்பது என் யோசனை. உங்களுக்கு வேறு மாதிரி தோன்றினால் மனதில் வைத்துக்கொள்ளாமல் சொல்லுங்கள். இந்த மாதம் கை இறுக்கம் என்றால் நான் முழுதும் போட்டுச் செய்துவிடுகிறேன், பொங்கலுக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்குத் தெரிந்த கொத்தனாரை அனுப்பி விலை கேட்டுப் பார்த்தாலும் எனக்குச் சந்தோஷமே. எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

வெட்டிய கட்டையை எடுத்துக்கொண்டால் கூலியில் ஆயிரம் குறைப்பதாக மரக்காரர் சொல்கிறார். மரம் உங்களுடையது, கட்டையும் உங்களுடையது. உரலுக்கோ உலக்கைக்கோ வைத்துக்கொள்ள மதினி நினைத்தால் உங்கள் பின்கட்டில் அடுக்கி வைக்கச் சொல்கிறேன்.

நாள்தான் கொஞ்சம் அவசரம். ஐப்பசி பிறந்தால் மழை வந்துவிடும். மண் நனைந்தால் சுவர் தாங்குமா என்பது சந்தேகம். இப்போதைக்கு எங்கள் பக்கம் இரண்டு சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடுவதில்லை. தம்பியிடமும் சுவரை ஒட்டி வண்டி நிறுத்த வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. ஆவணி முடிவதற்குள் கிளையைக் கழித்துவிட்டு, அடுத்த வாரமே சுவர் வேலையைத் தொடங்கினால், ஆயுத பூஜைக்குள் பூச்சு காய்ந்து தண்ணீர் ஊற்றுவதும் முடிந்துவிடும். விநாயகர் சதுர்த்தி கழிந்து, வருகிற ஞாயிறு காலை நானே போன் செய்கிறேன். அதற்குள் படித்து வையுங்கள். விரிசல், வேர், ஒயர் மூன்றையும் படம் எடுத்து உங்கள் மகனின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருக்கிறேன். பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள். பென்சில் கோடும் தெரியும்.

இந்த விஷயத்தில் குடியிருப்பவரை இடையில் வைத்துத் தாக்கல் சொல்லிவிட வேண்டாம் அண்ணாச்சி. பாவம், அவர் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார். முடிந்தால் வேலை நடக்கும்போது ஒரு நடை வந்து போங்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் இங்கே வந்துவிடலாம், ஸ்டேஷனுக்கு நான் வண்டி கொண்டுவருகிறேன். தங்குவது எங்கள் வீட்டில்தான், அதில் பேச்சே இல்லை.

மதினிக்கு இந்தச் சித்திரையில் காயவைத்த வேப்பம்பூ ஒரு டப்பா எடுத்து வைத்திருக்கிறோம். பாதி எங்கள் மாடியிலேயே உதிர்ந்தது, அதனால் பறிக்கிற வேலை மிச்சம்.

அன்புடன்,
உங்கள் தம்பி
முத்துக்குமார்

பி.கு.: உங்கள் பின்பக்கக் கேட்டின் சாவி எங்களிடம் இல்லை. பெல்ட் போடும்போது மண்ணை அந்த வழியாகத்தான் வெளியே எடுக்க வேண்டும், முன்பக்கம் கோலம் அழியும். சாவி உங்களிடம் இருந்தால் கூரியரில் அனுப்புங்கள். இல்லையென்றால் பூட்டை உடைத்துப் புதுப்பூட்டு போட உங்கள் சம்மதத்தைச் சொல்லுங்கள், பூட்டுச் செலவு என்னுடையது.