பொருள்: மே மழைக்கு முன்னாடி ரெடன்டன்சி பட்ஜெட் 34 லட்சம் – உங்க முடிவு வேணும்

ஜிஎம் சேருக்கும் ஃபினான்ஸ் மெடத்துக்கும்,

வணக்கம். போன மாசம் 9ஆம் திகதி சிஸ்டம் விழுந்து சம்பளம் பிந்தினதுக்கு ரிப்போர்ட் கேட்டிருந்தீங்க, அது அட்டாச்மென்ட்ல இருக்கு. ஆனா அந்த ஒண்ண மட்டும் தனியா எழுதி அனுப்பிட்டு சும்மா இருந்தா அடுத்த மாசம் இன்னொரு ரிப்போர்ட் எழுத வேண்டியதுதான், அதனால எல்லாத்தையும் சேர்த்தே இங்க சொல்லிடுறேன், மெயில் கொஞ்சம் நீளம், டீ ஒண்ணு போட்டுக்கிட்டு வாசிங்க.

போன ஜூன்ல இருந்து நம்ம சிஸ்டம் பெருசா மூணு தடவ விழுந்திருக்கு. நவம்பர்ல டிட்வா புயல் நேரம் விழுந்தத நான் இதுல சேர்க்கல. அன்னைக்கு மண்சரிவுல ரோடே இல்ல, கரண்டும் இல்ல, ஃபோனும் இல்ல, அதுக்கு நம்ம ஒஃபிஸ்ல யாரையும் கேள்வி கேட்க முடியாது. மத்த மூணும் அப்படி இல்ல. மூணுலயும் ஒரு சாமான் பழுதாச்சு, அதுக்கு பதிலா வேலை செய்ய இன்னொண்ணு நம்மகிட்ட இல்ல, அவ்ளோதான் கதை.

முதல்ல ஜூன். ராத்திரி காத்து மழைல கரண்ட் போச்சு. யூபிஎஸ் இருபது நிமிஷம் தாங்கணும், ரெண்டு நிமிஷம் கூட தாங்கல. ஜெனரேட்டர் இருக்கேன்னு கேப்பீங்க, இருக்கு, ஆனா அத கையால ஸ்டார்ட் பண்ணி கையாலயே சேஞ்ச் ஓவர் சுவிட்ச்ச திருப்பணும், சாவி வாட்சர் அண்ணன்கிட்ட, அவரு அந்த மழைல முன் கேட்ல இருந்து டோர்ச் அடிச்சுக்கிட்டு ஓடி வந்து ஸ்டார்ட் பண்றதுக்குள்ள சேர்வர் பொட்டுனு நின்னுடுச்சு. எழுதிக்கிட்டிருந்த நேரம் நின்னதால கொழுந்து நிறுவை டேட்டாபேஸ் கெட்டுப் போச்சு. மூணு தோட்டத்துலயும் மூணு நாளு கொப்பில எழுதி, அப்புறம் பிள்ளைங்கள ராத்திரி ஓட்டீல உக்கார வச்சு எல்லாத்தையும் திருப்பி அடிச்சோம். மஸ்கெலியால ஒரு மலைக் கொப்பி நனைஞ்சு நாப்பதுக்கு மேல பேரோட கிலோ வாசிக்கவே முடியல, கங்காணி ஞாபகத்துல சொன்னதத்தான் போட்டோம், அதுல வந்த சண்டை உங்களுக்கே தெரியும்.

அந்த யூபிஎஸ் பெட்டரி ஆறு வருஷம் பழசு. இந்த மாதிரி பெட்டரிக்கு ஆயுசு மூணுல இருந்து அஞ்சு வருஷம், நம்ம குளிருக்கு கொஞ்சம் கூட இழுக்கும், அதுக்கு மேல எதிர்பார்க்கக் கூடாது. இத யூபிஎஸ்ஸே மாசக்கணக்கா சொல்லிக்கிட்டுத்தான் இருந்துச்சு:

```
$ upsc ups1 ups.status
OL RB
```

OL னா இப்ப மெயின் கரண்ட்ல ஓடுது. RB னா பெட்டரிய மாத்து. அத காட்டி ரிக்வெஸ்ட் போட்டோம், "நெக்ஸ்ட் குவாட்டர்"னு திரும்பி வந்துச்சு. இத குறையா சொல்லல, அப்ப இருந்த காசு நிலைமை எனக்கும் தெரியும். ஆனா ஜூனுக்கு அப்புறமும் பழைய பெட்டரில பாதியத்தான் மாத்தியிருக்கோம், இன்னைக்கு காலைல பார்த்தப்பவும் அதே RB தான் நிக்குது. பழசும் புதுசும் கலந்து போட்டா பழசு புதுசையும் சேர்த்துக் கெடுக்கும், அதனால அந்த பாதி காசும் வீண்.

ரெண்டாவது ஒக்டோபர். கினிகத்தேனை பக்கம் மரம் விழுந்து ஃபைபர் அறுந்துச்சு. நம்மகிட்ட ரெண்டு லைன் இருக்கு, ரெண்டு கம்பனி, மாசம் ரெண்டு பில். ரெண்டும் ஒரே நேரம் போச்சு. ஏன்னு டெக்னீஷியன் பையனோட போய் நின்னு பார்த்தா ரெண்டு கேபிளும் ஒரே போஸ்ட்ல பக்கத்துல பக்கத்துல போகுது. இத்தனை நாளா பெக்கப் லைனுக்குன்னு கட்டின காசு உண்மையில பெக்கப்புக்கே இல்ல. அந்த நேரம் புரோக்கருக்கு போக வேண்டிய இன்வாய்ஸ் டீடெய்ல்ஸ் நேரத்துக்கு போகாம நம்ம லொட் சிலது அந்த கெட்டலொக்ல விழல, அடுத்த வாரத்து ஏலத்துக்கு தள்ளிப் போச்சு. தேத்தூள் ஸ்டோர்ஸ்ல சும்மா கிடந்துச்சு, காசும் அவ்ளோ லேட்.

இதுல ஒரு சின்ன கணக்கு இருக்கு. ஒரு லைன் 99 சதவீதம் வேலை செய்யும்னு வச்சுக்கோங்க, கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா வருஷத்துக்கு மூணரை நாளுக்கு மேல அது இல்லன்னு அர்த்தம். அதே மாதிரி இன்னொரு லைன் வேற பாதையில வந்துச்சுன்னா ரெண்டும் சேர்ந்து விழுறது வருஷத்துக்கு ஒரு மணி நேரம் கூட வராது. ஒரே போஸ்ட்ல வந்தா இந்தக் கணக்கு செல்லாது, ஒரு மரம் போதும். அதனால ரெண்டாவது ஃபைபர வெட்டிட்டு, போஸ்ட்டே தேவைப்படாத ஒண்ண எடுக்கணும். 2025 ஜூலைல இருந்து ஸ்டார்லிங்க் இங்க கிடைக்குது, அத எடுக்கலாம். வானம் மறைக்காத எடமா ஒஃபிஸ் கூரைல ஒரு மூலை பார்த்து வச்சிருக்கேன். கடும் மழைல அதுவும் கொஞ்சம் இழுக்கும்தான், ஆனா அதுவும் ஃபைபரும் ஒரே காரணத்துக்கு ஒரே நேரம் சாகாது.

மூணாவதுதான் பெப்ரவரி 9. சம்பளத்துக்கு முந்தின நாளு. காலைல ஃபயர்வோல் பெட்டியோட பவர் சப்ளை போச்சு. சின்ன பெட்டிதான், ஆனா மூணு ஃபெக்டரியும் ஹெட் ஒஃபிஸுக்கு வர்றது அது வழியாத்தான், பேங்க்குக்கு சம்பள ஃபைல் போறதும் அது வழியாத்தான். ஸ்பெயார் கிடையாது. கொழும்புல இருந்து லோனுக்கு ஒண்ணு வேன்ல வரவச்சு, செட்டிங் எல்லாம் திருப்பி ஏத்தி முடிக்கிறப்ப மறுநாள் பத்து மணி தாண்டிடுச்சு. பத்தாம் திகதி சம்பளம் பதினொண்ணாம் திகதிதான் விழுந்துச்சு. தலவாக்கலைல ஆளுங்க ஒஃபிஸ் முன்னாடி வந்து நின்னப்ப பெரிய தொரைக்கு நான்தான் கோல் எடுத்து காரணம் சொன்னேன். "ஒரு டப்பா எரிஞ்சதுக்கா எண்ணூறு பேரு சம்பளம் நிக்குது?"ன்னு கேட்டாரு. பதில் என்ன சொல்ல, ஆமா தொரைன்னுதான் சொல்ல முடிஞ்சுச்சு.

இனி காசு. மொத்தம் 34 லட்சம் ஒரு தடவை செலவு, அதோட மாசம் 42,000. கோட்டேஷன் எல்லாம் அட்டாச்மென்ட்ல. இதுல பெருசு 15.5 லட்சத்துக்கு ரெண்டாவது சேர்வர், அத ஹட்டன்ல வைக்கப் போறதில்ல, தலவாக்கலை ஃபெக்டரில வைக்கணும், ஏன்னா அங்க பெரிய ஜெனரேட்டர் எப்படியும் கொழுந்து வாட்டுறதுக்கு ஓடத்தான் போகுது, இங்க ஒஃபிஸ் போனாலும் அங்க இருந்து நிறுவையும் சம்பளமும் நடக்கும். ஃபயர்வோல் ரெண்டாவது பெட்டி 4.5, ஒண்ணு செத்தா மத்தது தானா எடுத்துக்கும். புது யூபிஎஸ் ஒண்ணும் பழசுக்கு முழு செட் பெட்டரியும் 4.7. பெக்கப் ஸ்டோரேஜ் 4.2. ஜெனரேட்டர தானா ஸ்டார்ட் பண்ணி தானா மாத்துற பெனல் 3.2, வாட்சர் அண்ணன் மழைல ஓட வேணாம். ஸ்டார்லிங்க் கிட், கம்பி, மின்னல் தடுப்பு எல்லாம் சேர்த்து 1.9. மாசக் காசு 42,000ல 24,000 லைனுக்கு, 18,000 வெளிய வைக்கிற பெக்கப்புக்கு. ரெண்டாவது ஃபைபர் பில்ல நிறுத்தினா அதுல ஒரு பங்கு திரும்பிடும்.

மெடம் கேக்கப் போற கேள்வி தெரியும். மூணு தடவையும் சேர்த்து நேரடியா போன காசு, ஓட்டீ, டேட்டாபேஸ் சரி பண்ண ஆளு, வேன், லோன் பெட்டி எல்லாம் போட்டு 5.6 லட்சம்தான் வருது. அத வச்சு 34 லட்சம் ஒரே வருஷத்துல திரும்பிடும்னு நான் சொன்னா பொய். நான் கேக்குறது இதுவரைக்கும் போனதுக்காக இல்ல, இன்னும் போகாததுக்காக. இன்னைக்கு நிறுவையும் சம்பளமும் இருக்குற சேர்வர் ஒண்ணே ஒண்ணு. டிஸ்க்கு ரெய்டுலதான் இருக்கு, ஒரு டிஸ்க் செத்தா தாங்கும், ஆனா கரண்ட் அடிச்சு பெட்டியே போனாலோ எவனாவது ரென்சம்வெயார் விட்டாலோ ரெய்டு ஒண்ணும் காப்பாத்தாது. பெக்கப் கொப்பியும் அதே ரூம்ல அதே ரெக்குல இருக்கு. 2023ல அரசாங்க கிளவுட்ல ரென்சம்வெயார் அடிச்சு மே 17ல இருந்து ஓகஸ்ட் 26 வரைக்கும் உள்ள gov.lk ஈமெயில் எல்லாம் போச்சே, அந்த காலத்துக்கு பெக்கப் இல்லாததாலதான் திரும்பி எடுக்க முடியல. அவங்களுக்கே அந்த கதின்னா நம்ம ரெக்கு எந்த மூலைக்கு.

போன வருஷம் பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை சப் ஸ்டேஷன்ல ஒரு குரங்கு பட்டு நாடு பூரா கரண்ட் போனத ஒஃபிஸ்ல எல்லாரும் சொல்லிச் சொல்லி சிரிச்சோம். நானும் சிரிச்சேன். சரியா ஒரு வருஷம் கழிச்சு அதே திகதில நம்ம டப்பா.

"எல்லாத்தையும் கிளவுட்ல போட்டா என்ன?"ன்னு போன மீட்டிங்ல கேட்டீங்க சேர். போடலாம், சம்பளத்த பிறகு போடவும் வேணும். ஆனா லைன் அறுந்தா கிளவுட்டும் இல்ல, அதனால அதுக்கு முன்னாடியும் இந்த ரெண்டாவது லைன் வேணும். கொழுந்து நிறுவை எப்படியும் மலைல தன் பாட்டுல ஓடியே ஆகணும், மட்டக் கொழுந்து இன்டர்நெட் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டிருக்காது.

மொத்தமா இப்ப முடியாதுன்னா பிரிச்சு தாங்க. யூபிஎஸ், பெனல், ஃபயர்வோல், ஸ்டார்லிங்க் நாலும் 14.3 லட்சம், இது ஏப்ரல் முடியுறதுக்குள்ள வேணும், மே கடைசில தென்மேல் மழை பிடிச்சா நம்ம பக்கம் கூரைல ஏறி வேலை செய்ய முடியாது. பெக்கப் 4.2 அதோட சேர்ந்தா ரொம்ப நல்லது. சேர்வர ஒக்டோபர் வரைக்கும் தள்ளலாம், எனக்கு அதுல பயம் இருக்கு, ஆனா தள்ளலாம்.

தள்ளுறதா இருந்தாலும் ஒண்ணு மட்டும் எழுத்துல வேணும். நிறுவை சிஸ்டம் எத்தனை மணி நேரம் இல்லாம இருந்தா பரவாயில்ல, சம்பளம் எத்தனை நாள் பிந்தினா பரவாயில்ல, இந்த ரெண்டையும் நீங்கதான் சொல்லணும், அது ஐடி முடிவு பண்ற விஷயம் இல்ல. நீங்க ஒரு நாள்னு சொன்னா அதுக்கு ஏத்த மாதிரி நான் கொப்பியும் ஆளும் ரெடி பண்ணி வைப்பேன், ரெண்டு மணி நேரம்னு சொன்னா 34 லட்சத்துக்கு கொறஞ்சு என்னால செய்ய முடியாது.

கோட்டேஷன் எல்லாம் இந்த மாசம் 31 வரைக்கும்தான், டொலர் ஏறினா பெட்டரி விலை முதல்ல ஏறும். புதன்கிழமை பின்னேரம் உங்க ரெண்டு பேருக்கும் ஒரு அரை மணி நேரம் இருந்தா நேர்ல வந்து கணக்க காட்டுறேன். அதுக்கு முன்னாடி ஒருக்கா சேர்வர் ரூமுக்கு வந்து பாருங்க, அந்த RB லைட் இப்பவும் எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு.

நன்றி,
ரமேஷ்
இன்ஃப்ரா லீட், ஐடி பிரிவு, ஹட்டன்

அட்டாச்மென்ட்: பெப்ரவரி ரிப்போர்ட், கோட்டேஷன்கள், ஒரே போஸ்ட்ல ரெண்டு கேபிளும் போற ஃபோட்டோ