ஒரு முழம் நூல்

சித்திரை முடிய நான்கு நாள் இருந்தது. வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதற்காகத்தான் எங்களைச் சென்னையிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வெயிலில் தெருவுக்கு விடமாட்டார்கள். மதியம் கரண்ட்டும் போய்விட்டது.

ஆயா நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அங்கே தரையில் ஓரிடம் மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். தாத்தாவின் தறிக்குழியை மூடிப் பூசிய இடம். வீட்டிலேயே அதுதான் குளுகுளுவென்று இருக்கும் என்பாள்.

"சும்மா வாசலையே பாத்துனு இருக்கியே, இங்க வா கண்ணு. ஒரு கர்ச்சீப் தைக்கலாம்."

டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு லுங்கித் துண்டை எடுத்தாள். தாத்தா நெய்தது, நீலத்தில் வெள்ளைக் கட்டம். ஓரத்தில் ஒரு நூலை உருவி, அந்தத் தடத்திலேயே கத்தரிக்கோலை ஓட்டினாள். கோணாமல் சதுரமாக வந்தது. நான்கு பக்கமும் இரண்டு மடிப்பு மடித்து நகத்தால் அழுத்தித் தேய்த்தாள்.

சிவப்பு நூலை என் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை அளந்தாள். "உன் கைக்கு ஒரு முழம். அதுக்கு மேல வெச்சா சிக்கிக்கும்." ஆறு இழை ஒன்றாக இருந்தது. அதில் இரண்டை மட்டும் பிரித்தாள். நுனியை ஆள்காட்டி விரலில் ஒரு சுற்று சுற்றி, கட்டைவிரலால் உருட்டி இழுத்தாள். முடிச்சு விழுந்துவிட்டது. அந்த உருட்டல் எனக்கு வரவே பத்து தடவை ஆனது.

"இதுக்கு ஓட்டுத் தையல்னு பேரு. தறியில ஊடை எப்படிப் போவும்? பாவு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. அதே தான். மேல ஒரு அரிசி நீளம், கீழ ஒரு அரிசி நீளம்."

நான் தறியைப் பார்த்ததே இல்லை. அவளுக்கு அது தோன்றவில்லை போல. இடது கை விரல்களை விரித்து, வலது கை ஆள்காட்டி விரலை அவற்றுக்குள் மேலும் கீழுமாக நுழைத்துக் காட்டினாள். அப்புறம் புரிந்தது.

முதல் வரிசையைப் பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தேன். ஒவ்வொரு தையலுக்கும் நூலை வெடுக்கென்று இழுத்தேன். பாதி தூரம் போவதற்குள் துணி பாவாடைக் கொசுவம் மாதிரி சுருங்கிவிட்டது. அழுகை முட்டியது.

"அறுத்துடு ஆயா, வேற தரியா?"

"எதுக்கு அறுக்கணும்? நூலு அப்படியே தான கீது."

முடிச்சு இருந்த முனையை என்னைப் பிடிக்கச் சொன்னாள். தையல் மேல் கட்டைவிரலை வைத்து, சுருக்கத்தை ஊசிப் பக்கமாக மெதுவாக நீவிக்கொண்டே போனாள். துணி கொஞ்சம் கொஞ்சமாகப் படுத்தது. "நூலைப் புடிச்சி இழுக்காத. துணியில வந்து உக்காந்தா போதும், அத்தோட உட்டுடு."

இரண்டாவது பக்கத்தில் நூல் முறுக்கிக்கொண்டது. அவள் சொன்னபடி துணியைத் தூக்கி ஊசியைத் தொங்கவிட்டேன். ஊசி பம்பரம் போல விறுவிறுவென்று சுற்றி, நின்று, கொஞ்சம் எதிர்ப்பக்கமும் சுற்றி ஓய்ந்தது. நூல் நேராகிவிட்டது. அதைப் பார்ப்பதற்காகவே முறுக்காத நூலையும் இரண்டு மூன்று தடவை தொங்கவிட்டேன். ஆயா ஒன்றும் சொல்லவில்லை.

மூலைகளில் மடிப்பு கனமாக இருந்ததால் ஊசி இறங்கவில்லை. அங்கே மட்டும் அவள் அங்குஸ்தானை என் விரலில் மாட்டிவிட்டாள். எனக்குத் தொளதொளவென்று இருந்தது.

மூன்றாவது பக்கம் தைக்கும்போது அவள் தறிக்குழி மேலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். நான்காவது பக்கம் முழுக்க நானே தைத்தேன். கட்டத்தின் வெள்ளைக் கோட்டை விட்டு ஊசி விலகவில்லை. திருப்பிப் பார்த்தேன், பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே இருந்தது. எது முன், எது பின் என்று ஒரு நிமிடம் எனக்கே தெரியவில்லை.

சிரசன்று காலையில் தெருவெல்லாம் தேங்காய்த் தண்ணீர். கூட்டத்தில் என்னை இடுப்போடு அணைத்து நின்ற ஆயா, என் கையிலிருந்த கர்ச்சீப்பை வாங்கி என் நெற்றி வேர்வையைத் துடைத்தாள். அம்மன் சிரசு வரும் திசையைப் பார்த்தபடியே அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டு போனாள். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம். நான்காவது பக்கத்தில் விரல் நின்றது. இன்னொரு தடவை தடவினாள். பிறகு மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஆயா, அது என்னுது."

"நீ வேற ஒண்ணு தைச்சிக்கோ. பெட்டியில இன்னும் துணி கீது."