அறிவிப்பு: 17.11.2025 முதல் பில்லிங்கில் அவரவர் ஐடி மட்டுமே

நாள்: 11.11.2025, செவ்வாய்
இடம்: பைப், மோட்டார், சொட்டுநீர்ப் பொருட்கள் கடை, பெங்களூரு சாலை, கிருஷ்ணகிரி
கவுண்டர் 1, கவுண்டர் 2, குடோன், கணக்கு, மேனேஜர் எல்லாருக்கும்

வரும் திங்கட்கிழமை காலை கடை திறக்கும்போது பில்லிங் சாப்ட்வேரில் `admin` ஐடி உங்கள் யாருக்கும் திறக்காது. ஞாயிறு இரவு அதன் பாஸ்வேர்டை மாற்றிவிடுவேன், புதியது என்னிடம் மட்டும் இருக்கும். ஒன்பது பேருக்கும் தனித்தனி ஐடி போட்டாயிற்று. வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே உள்ள எண்தான் ஐடி, `S01` முதல் `S09` வரை. கவுண்டருக்கு ஐடி கிடையாது, ஆளுக்குத்தான் ஐடி. கவுண்டர் 1-ல் உட்கார்ந்தாலும் குடோனில் உட்கார்ந்தாலும் அதே எண்ணில்தான் நுழைய வேண்டும்.

இதற்கு என்ன அவசரம் என்று கேட்பீர்கள். இப்போது எந்த பில்லைத் திறந்தாலும் "போட்டவர்: admin" என்றுதான் வருகிறது. ரேட்டை மாற்றியவர், டிஸ்கவுண்ட் கொடுத்தவர், பாக்கியில் ஏற்றியவர், பில்லை அழித்தவர் எல்லாம் அதே `admin`. வாடிக்கையாளர் கையிலுள்ள பிரிண்டில் ஒரு தொகையும் கம்ப்யூட்டரில் வேறு தொகையும் இருந்தால், நடுவில் திருத்தியது யார் என்று தெரிய வழியே இல்லை. தெரியாதபோது சந்தேகம் ஒன்பது பேர் மீதும் விழுகிறது. ஒழுங்காக வேலை பார்ப்பவருக்கு அதுதான் பெரிய அநியாயம். போதாக்குறைக்கு, அந்த பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் சீட்டாக ஒட்டியிருக்கிறது. வேலையை விட்டுப் போனவர்களுக்கும் தெரியும், பைப் வாங்க வந்து எட்டிப் பார்ப்பவர்களுக்கும் தெரியும். சீட்டை இன்றே கிழித்துவிடுங்கள்.

இன்னொன்று, `admin` என்பது முழு அதிகாரம் உள்ள ஐடி. போன மாதத் தேதியில் பில் போடலாம், ஸ்டாக்கைக் கையால் திருத்தலாம், கஸ்டமர் பாக்கியைப் பூஜ்யமாக்கலாம். வேண்டுமென்று செய்யாவிட்டாலும் கை தவறும். 20 அடி பைப்பை நீளக் கணக்கில் போடுவதற்குப் பதில் அடிக் கணக்கில் போட்டுவிட்டு, அதைச் சரிசெய்யப் போய் ஐட்டம் மாஸ்டரிலேயே யூனிட்டை மாற்றிவிட்டால், அன்று முதல் அந்த பைப்பின் ஸ்டாக் முழுக்கக் கோணல்தான். கவுண்டரில் இருப்பவர்களின் ஐடியில் மாஸ்டர் திறக்காது என்பதால் இந்தத் தவறு நடக்கவே வாய்ப்பில்லை.

முதல் முறை நுழைவது

ஞாயிறு (16.11.2025) காலை 9 மணிக்கு எல்லாரும் வாருங்கள், 11 மணிக்குள் முடிந்துவிடும். ஆளுக்கு ஒரு மூடிய கவர் தருவேன், அதில் தற்காலிக பாஸ்வேர்டு இருக்கும்.

1. ஐடி கட்டத்தில் உங்கள் எண்ணையும், கீழே கவரில் உள்ளதையும் அடியுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு. Caps Lock எரிகிறதா என்று பார்த்துவிட்டு அடியுங்கள்.
2. உடனே புதிய பாஸ்வேர்டு கேட்கும். குறைந்தது 10 எழுத்து. செல் நம்பர், வண்டி நம்பர், பிள்ளைகள் பெயர் வேண்டாம், பக்கத்தில் இருப்பவருக்கு அதுதான் முதலில் தோன்றும். தொடர்பில்லாத இரண்டு மூன்று சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து ஒரு எண் போட்டால் போதும், மறக்காது.
3. மேலே வலது மூலையில் உங்கள் எண் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு `TEST` என்ற பெயரில் ஒரு எஸ்டிமேட் போட்டு பிரிண்ட் எடுங்கள். பில் போட வேண்டாம், நம்பர் வீணாகும். பிரிண்டர் அமைப்பு ஒவ்வொரு ஐடிக்கும் தனி என்பதால், கவுண்டர் 2-ல் அடித்தது குடோன் பிரிண்டரில் வர வாய்ப்புண்டு. அதை ஞாயிறே சரிசெய்துவிடலாம்.

கவரை என்னிடம் திருப்பித் தர வேண்டாம், கிழித்துப் போடுங்கள். புதிய பாஸ்வேர்டு என்ன என்று நானும் கேட்கமாட்டேன், மேனேஜரும் கேட்கக் கூடாது. சர்வீஸ் ஆள் ரிமோட்டில் வந்து கேட்டாலும் சொல்லக் கூடாது. அவருக்குத் தேவைப்படும்போது ஒரு நாள் ஐடி நான் திறந்து தருவேன்.

யாருக்கு எது திறக்கும்

கவுண்டரில் இருப்பவர்கள் பில், எஸ்டிமேட், ரசீது போடலாம், அன்றைய பில்லை மறு பிரிண்ட் எடுக்கலாம். டிஸ்கவுண்ட் 3 சதவீதம் வரை நீங்களே கொடுக்கலாம். ப்ளம்பர் ரேட் வேண்டுமென்றால், கஸ்டமர் மாஸ்டரில் ப்ளம்பர் என்று பதிந்த பெயரில் பில் போட்டால் தானாக வரும். பெயர் பதியாதவருக்கு வாய்மொழியாக அந்த ரேட் கிடையாது. 3 சதவீதத்துக்கு மேல் என்றால் மேனேஜர் வந்து அதே திரையில் தன் பாஸ்வேர்டை அடித்து அனுமதி தருவார். "நீயே அடிச்சுக்கப்பா" என்று அவர் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டுப் போனால் இத்தனை ஏற்பாடும் வீண். மேனேஜருக்கு இதைத் தனியாகவும் சொல்லியிருக்கிறேன்.

குடோன் ஐடியில் சரக்கு வரவு, டெலிவரி சலான், ஸ்டாக் பார்ப்பது மட்டும். விலை தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. கணக்குப் பிரிவுக்கு பாக்கி வரவு, கிரெடிட் நோட், ஜிஎஸ்டி ரிப்போர்ட். விற்பனை பில்லைத் திருத்த அவர்களுக்கும் வழியில்லை.

`Delete` பட்டன் யாருக்கும் இருக்காது, எனக்கும் சேர்த்து எடுத்துவிட்டேன். தப்பான பில்லை மேனேஜர் அன்றைக்கே காரணம் எழுதி `Cancel` செய்வார், நம்பர் அப்படியே இருக்கும். பில் நம்பர் ஒரு நிதியாண்டுக்குள் வரிசையாகப் போக வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி. `KG/25-26/04417`-க்கு அடுத்து 04419 இருந்து, நடுவில் 18 காணாமல் போனால் பதில் சொல்ல முடியாது. GSTR-1-ல் எந்த நம்பரிலிருந்து எந்த நம்பர் வரை போட்டோம், அதில் எத்தனை ரத்து என்று காட்ட வேண்டிய பகுதியே ஒன்று இருக்கிறது. அடுத்த நாளோ அதற்குப் பிறகோ தெரியவந்த தவறு என்றால் ரத்து கிடையாது, கணக்குப் பிரிவு கிரெடிட் நோட் போடும்.

குப்பம் பக்கம் நம் வண்டியில் அனுப்பும் சரக்குக்கு ஐஜிஎஸ்டி வர வேண்டிய இடத்தில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி விழுவது இங்கே அடிக்கடி நடக்கிறது. கஸ்டமரின் ஜிஎஸ்டி எண் 37-ல் தொடங்கினால் ஆந்திரா, 29 என்றால் கர்நாடகா, 33 என்றால் நம்முடையது. பிரிண்ட் கொடுப்பதற்கு முன் அந்த இரண்டு இலக்கத்தைப் பாருங்கள். யார் ஐடியில் இந்தத் தவறு திரும்பத் திரும்ப வருகிறதோ அவருக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பேன். அதுவும் தனி ஐடி இருந்தால்தான் தெரியும்.

இ-வே பில் தளத்திலும் இதே முறைதான். மேனேஜருக்கும் கணக்குப் பிரிவுக்கும் தனித்தனி சப்-யூசர் திறந்திருக்கிறேன். தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேல், வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போகும் சரக்குக்கு அவர்கள் இருவரே போட வேண்டும். தப்பாகப் போட்டால் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தாக வேண்டும், அதனால் தெரிந்த உடனே சொல்லுங்கள்.

சீட்டை விட்டு எழுந்தால்

சிக்கல் வரப்போவது இங்கேதான் என்று நினைக்கிறேன். டீ குடிக்கவோ மோட்டார் எடுத்துக் காட்டவோ எழுந்தால் சாப்ட்வேரில் `Log out` செய்துவிட்டுத்தான் எழ வேண்டும். விண்டோஸைப் பூட்டினால் போதாது. விண்டோஸ் பாஸ்வேர்டு எல்லாருக்கும் பொது, அடுத்தவர் திறந்ததும் உள்ளே உங்கள் ஐடி அப்படியே நிற்கும். அவர் போடும் பில் உங்கள் கணக்கில் ஏறும். 5 நிமிடம் தொடாமல் இருந்தால் தானாக வெளியேறும்படி வைத்திருக்கிறேன், ஆனால் கூட்ட நேரத்தில் 5 நிமிடத்தில் நான்கு பில் விழுந்துவிடும்.

பாதியில் நிற்கும் பில்லை `Hold` செய்துவிட்டு வெளியேறுங்கள். சும்மா விட்டால், தானாக வெளியேறும்போது அடித்த ஐட்டம் எல்லாம் போய்விடும். `Hold` செய்த பில் உங்கள் ஐடிக்கும் மேனேஜருக்கும் மட்டும் தெரியும். வாடிக்கையாளர் காத்திருந்தால் மேனேஜரைக் கூப்பிடுங்கள்.

நம் லைசென்ஸில் ஒரே நேரத்தில் ஐந்து பேர் உள்ளே இருக்கலாம். வெளியேறாமல் போனவர் ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார், ஆறாவதாக வருபவருக்குத் திறக்காது. அப்போது பக்கத்து ஐடியில் நுழைய வேண்டாம். வெளியேறாதவர் யார் என்று மேனேஜர் திரையில் தெரியும், அவர் விடுவித்துத் தருவார்.

கல்லா

சாப்பாட்டு நேரத்தில் ஆள் மாறும்போது கல்லாவும் மாற வேண்டும். ஒவ்வொரு கவுண்டருக்கும் இரண்டாவது பணத் தட்டு வாங்கியிருக்கிறேன், அதில் 1,000 ரூபாய் சில்லறை இருக்கும். உட்காருபவர் தன் ஐடியில் நுழைந்து, தன் தட்டைப் போட்டுக்கொள்வார். இரவு 8.30-க்கு "ஆள்வாரி வசூல்" ரிப்போர்ட் எடுத்து, அவரவர் தட்டை அவரவர் எண்ணி, 500, 200, 100 என்று எழுதி மேனேஜரிடம் கொடுக்க வேண்டும்.

பணம் குறைகிறது என்றாலே திருட்டு என்று யாரும் நினைக்க வேண்டாம். பெரும்பாலும் ஜிபே-யில் வந்ததை ரொக்கம் என்று போட்டிருப்பீர்கள். வந்த தொகையை சவுண்ட் பாக்ஸில் கேட்டு, பில்லில் `UPI` தேர்ந்தெடுத்த பிறகு சேமியுங்கள். சேமித்த பிறகு தெரிந்தால் மேனேஜர் மாற்றித் தருவார், நீங்கள் ரத்து செய்து புதிதாகப் போட முயல வேண்டாம்.

பாஸ்வேர்டு மறந்தால்

ஐந்து முறை தவறாக அடித்தால் ஐடி பூட்டிக்கொள்ளும். மேனேஜரிடம் நேரில் சொல்லுங்கள், புதிய தற்காலிக பாஸ்வேர்டு தருவார். வாட்ஸாப்பில் கேட்கவோ அனுப்பவோ வேண்டாம். அதுவரை வாடிக்கையாளரை நிறுத்தி வைக்காதீர்கள். மேஜை டிராயரில் `M` வரிசை கையெழுத்து பில் புக் இருக்கிறது, அதில் போட்டுக் கொடுத்துவிட்டு அன்று மாலைக்குள் உங்கள் ஐடியில் ஏற்றுங்கள். கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் இறங்கிவிட்டால் அதே வழிதான்.

ஒருவர் ஐடியில் இன்னொருவர் போட்டது தெரிந்தால், கொடுத்தவர், வாங்கியவர் இருவரையும் கூப்பிட்டுப் பேசுவேன். சம்பளத்தில் பிடித்தம் கிடையாது. ஆனால் மூன்றாவது முறையும் நடந்தால் அவருக்கு ஒரு மாதம் கவுண்டர் இல்லை, குடோன் வேலைதான். வேலையை விட்டுப் போகிறவரின் ஐடி அன்று மாலையே மூடப்படும், அவர் போட்ட பில்கள் அவர் எண்ணிலேயே இருக்கும். லீவில் இருப்பவரின் ஐடியை வேறு யாரும் தொடக் கூடாது.

தனி ஐடி போட்டது உங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் அல்ல. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் யார், எப்போது, எதை மாற்றினார் என்று பதிவாகும் சாப்ட்வேரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நம்முடையது தனிநபர் கடை, அந்தச் சட்டம் நமக்குக் கட்டாயமில்லை. இருந்தாலும் வேப்பனஹள்ளி, பர்கூர், காவேரிப்பட்டணம் விவசாயிகள் பாக்கியை அறுவடைக்கு அறுவடைதான் தீர்ப்பார்கள். ஆறு மாதம் கழித்து "நான் அன்னைக்கே கட்டிட்டேனே" என்று ஒருவர் வந்து நின்றால், ரசீது போட்டது யார் என்று கேட்டு அப்போதே பதில் சொல்ல முடிய வேண்டும்.

இதைப் படித்துவிட்டு வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எண், கையெழுத்து, தேதி மூன்றும் போடுங்கள். தமிழ் படிக்கச் சிரமப்படும் குடோன் ஆட்களுக்கு மேனேஜர் தெலுங்கில் சொல்லிவிட்டு கையெழுத்து வாங்குவார். சந்தேகம் இருந்தால் சனிக்கிழமை இரவுக்குள் கேளுங்கள், ஞாயிறு காலை பயிற்சியில் அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

உரிமையாளர்