கண்ணப்பர் கதை: விடை சொல்லுங்க, செல்லங்களா!

அக்கா: வணக்கம் குட்டீஸ்! இன்னைக்கு திருக்காளத்திக் காட்டுக்குப் போறோம். கண்ணப்பருக்கு அப்பா அம்மா வெச்ச பேரு என்ன?

(5 நொடி. மணி ஓசை)

அக்கா: நாகனா? கிட்ட வந்துட்டீங்க! நாகன் அவரோட அப்பா. இவர் பேரு திண்ணன்.

அடுத்தது. சாமிக்கு அபிஷேகம் பண்ண தண்ணி எதுல கொண்டுவந்தார்?

(7 நொடி. ஆற்றுச் சத்தம்)

அக்கா: குடம்னு சொன்னீங்களா? நம்ம வீட்டுல அப்படித்தானே, அதான் தோணிருக்கு. ஆனா அவர் ஒரு கையில வில்லு, இன்னொரு கையில இறைச்சி வெச்சிருந்தார். பூ தலையில. அப்போ தண்ணி? வாயில!

(படம்: கன்னம் உப்பிய திண்ணன்)

கடைசிக் கேள்வி, மெதுவா யோசிங்க. சாமி கண்ணுல ரத்தம் வந்ததும், தன்னோட ஒரு கண்ணை எடுத்து சாமிக்கு அப்பிட்டார். சாமியோட இன்னொரு கண்ணுலயும் ரத்தம். அப்போ ஏன் காலை அங்க வெச்சார்?

(10 நொடி. இசை வேண்டாம்)

அக்கா: கோபத்துலயா? இல்லடா கண்ணா. தன்னோட மறு கண்ணையும் எடுத்துட்டா இடம் தெரியாதே! அடையாளத்துக்குத்தான் வெச்சார். உடனே சாமி, "நில்லு கண்ணப்ப!"ன்னு கையைப் பிடிச்சுட்டார்.

(படம்: அந்தக் கை)