டிஎன்ஏ தன்னை நகலெடுப்பது எப்படி?

ஈ.கோலை பாக்டீரியாவையே எடுத்துக்கொள்வோம். அதன் வட்ட டிஎன்ஏவில் சுமார் 46 லட்சம் கார இணைகள். நகலெடுக்க ஏறக்குறைய 40 நிமிடம்.

தொடக்கப் புள்ளியில் டிஎன்ஏஏ புரதம் இழைகளைச் சற்றே பிரிக்க, ஹெலிகேஸ் நொதி ஏறி ஹைட்ரஜன் பிணைப்புகளைப் பிரித்துக்கொண்டே போகும். முறுக்கிய கயிற்றை நடுவில் பிரித்தால் முன்பகுதி இன்னும் இறுகுமே, அந்த இறுக்கத்தைத் தளர்த்துவது கைரேஸ். சிப்ரோஃப்ளாக்சசின் மருந்து முடக்குவது இதைத்தான். பிரிந்த இழைகள் மீண்டும் ஒட்டாமல் எஸ்எஸ்பி புரதங்கள் காக்கும். இவை நொதிகள் அல்ல.

அப்புறம்தான் புது இழையைக் கட்டும் நொதியான பாலிமரேஸ் 3. ஆனால் வெறும் இழையில் அதற்குத் தொடங்கத் தெரியாது. பிரைமேஸ் ஒரு குட்டி ஆர்என்ஏ பிரைமரை வைத்தால், அதன் 3' முனையில் நியூக்ளியோடைடுகளைச் சேர்க்கும். தவறான காரம் சேர்ந்தால் பின்வாங்கி வெட்டித் திருத்தவும் செய்யும்.

மாணவர்கள் தடுமாறும் இடம் இதுதான்: வளர்ச்சி 5'→3' திசையில் மட்டுமே. இரு இழைகளோ எதிரெதிர் திசை. அதனால் முன்னணி இழை தொடர்ச்சியாக வளர, பின்தங்கும் இழை 1000 முதல் 2000 நியூக்ளியோடைடு நீள ஒகசாகி துண்டுகளாக உருவாகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் தனி பிரைமர்.

பிரைமர்களை நீக்கி அந்த இடத்தை டிஎன்ஏவால் நிரப்புவது பாலிமரேஸ் 1. மிஞ்சும் வெட்டை லைகேஸ் ஒட்டுகிறது. இதற்கு ஈ.கோலை செலவிடுவது ஏடிபி அல்ல, என்ஏடி. தேர்வில் கேட்பார்கள்!