பயிற்சித்தாள் 3: வாக்கிய அமைப்பும் கிளை வரைபடமும்

மொழியியல், முதலாம் ஆண்டு. மட்டக்களப்பு, வெள்ளிக்கிழமைப் பயிற்சி வகுப்பு. நேரம் 90 நிமிடம். விடைகள் தாளின் இறுதியில் உள்ளன. நான்கு பகுதிகளையும் முடித்த பின்னரே அவற்றைப் பார்க்க வேண்டும்.

சென்ற வார விரிவுரையின் சாரம் இது. வாக்கியம் என்பது சொற்கள் மணிமாலைபோல் வரிசையாகக் கோக்கப்பட்ட ஒன்றன்று; சொற்கள் முதலில் சிறு தொகுதிகளாகச் சேர்ந்து, அத்தொகுதிகள் பெரிய தொகுதிகளாகச் சேர்ந்து, கடைசியில் வாக்கியம் என்ற ஒற்றைக் கணுவில் முடிகின்றன. புளூம்பீல்டு 1933 இல் அண்மை உறுப்புகள் என்று பேசியதும், நோம் சோம்ஸ்கி 1957 இல் மாற்றெழுத்து விதிகளாக வடித்ததும் இந்த எண்ணத்தைத்தான். விரிவுரையில் காட்டிய எடுத்துக்காட்டுகளுள் பெரும்பாலானவை ஆங்கில வாக்கியங்கள். அவற்றை அப்படியே பார்த்து வரைந்து பழகியவர்கள் தமிழ் வாக்கியத்துக்கு வந்ததும் வினையை இடப்பக்கம் வைத்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் வினை தன் செயப்படுபொருளுக்கு முன் வருகிறது. தமிழில் பின் வருகிறது. எந்தத் தொடரிலும் அதன் வகையைத் தீர்மானிக்கும் தலைச்சொல் வலப்பக்க ஓரத்தில் இருக்கும் என்பதை மனத்தில் வைத்து, கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிக் கட்டிக்கொண்டு வந்தால் மரம் எனப்படும் கிளை வரைபடம் தமிழில் பெரும்பாலும் பிழைபடாது.

பயன்படுத்தும் குறியீடுகள்: வா என்பது வாக்கியம், பெதொ பெயர்த்தொடர், விதொ வினைத்தொடர், பெ பெயர், வி வினை, பெஅ பெயரடை, விஅ வினையடை, எவா பெயரெச்சத்தில் முடியும் எச்ச வாக்கியம், உவா "என்று" கொண்டு முடியும் உள்வாக்கியம், இ இணைப்புச் சொல். கீழுள்ள விதிகளில் அம்புக்குறியின் இடப்பக்கத்தில் உள்ளது வலப்பக்கத்தில் உள்ள உறுப்புகளாகப் பிரிகிறது.

```
வா   → பெதொ விதொ
வா   → பெதொ பெதொ
பெதொ → பெ
பெதொ → பெஅ பெதொ
பெதொ → பெதொ பெதொ
பெதொ → எவா பெதொ
விதொ → வி
விதொ → பெதொ விதொ
விதொ → விஅ விதொ
விதொ → உவா விதொ
எவா  → பெதொ விதொ
உவா  → வா இ
```

ஒரே சொல்லாக நிற்கும் பெயர்த்தொடரையும் வினைத்தொடரையும் இத்தாளில் பெ, வி என்றே சுருக்கி எழுதுகிறோம். பரீட்சையில் இடைக்கணுவையும் சேர்த்து முழுமையாக எழுத வேண்டும். சந்தியால் மிகும் க், ச், த், ப் ஆகியவை முன்சொல்லோடு ஒட்டியே நிற்கும். அவற்றுக்குத் தனிக் கிளை கிடையாது. (சென்ற முறை ஒருவர் "அக்காவுக்குத்" என்பதன் தகர ஒற்றுக்கும் ஒரு கிளை வரைந்திருந்தார். கூர்ந்து கவனித்ததற்காகப் பாராட்டலாம், ஆனால் அது ஒலியனியலின் கவலை.)

வரைந்து காட்டிய எடுத்துக்காட்டு

மீனவர் வாவியில் வலையை வீசினார்.

கடைசிச் சொல் "வீசினார்". எதை வீசினார் என்பதற்கு விடையான "வலையை" அதனோடு முதலில் சேர்கிறது. எங்கே என்பதற்கு விடையான "வாவியில்" அதற்கு மேலே சேர்கிறது. எஞ்சிய "மீனவர்" எழுவாயாக வாக்கியக் கணுவில் நேரே தொங்குகிறது. தட்டச்சில் தமிழெழுத்துகளின் அகலம் ஒத்து வராததால் மரத்தை இங்கே பக்கவாட்டில் தந்திருக்கிறேன். நீங்கள் தாளில் மேலிருந்து கீழாக வரையுங்கள்.

```
வா
├─ பெ  மீனவர்
└─ விதொ
   ├─ பெ  வாவியில்
   └─ விதொ
      ├─ பெ  வலையை
      └─ வி  வீசினார்
```

இதன் அடைப்புக்குறி வடிவம்:

```
[வா [பெ மீனவர்] [விதொ [பெ வாவியில்] [விதொ [பெ வலையை] [வி வீசினார்]]]]
```

திறக்கும் குறிகள் 7, மூடும் குறிகள் 7. இந்த எண்ணிக்கையை ஒவ்வொரு விடையிலும் சரிபார்க்க வேண்டும்.

"வாவியில் வலையை வீசினார்" ஒரு தொகுதி என்பதை எப்படி அறிவது? "மீனவர் வாவியில் வலையை வீசினார், அவருடைய தம்பியும் அப்படியே செய்தார்" என்று சொல்லிப் பாருங்கள். "அப்படியே செய்தார்" என்பது அந்த மூன்று சொற்களுக்கும் சேர்த்து நிற்கிறது. "மீனவர் வாவியில்" என்ற இரண்டுக்கும் பதிலாக அப்படி நிற்கக்கூடிய சொல் எதுவும் இல்லை. இடமாற்றிப் பார்ப்பதும் ஒரு சோதனைதான், ஆனால் தமிழ் தன் உறுப்புகளை மிகத் தாராளமாக இடம்மாற விடுவதால் அது தொடருக்குள்ளே இருக்கும் சொற்களைக் கண்டுபிடிக்கவே அதிகம் உதவும். "ராணி பெரிய மீனை வாங்கினாள்" என்பதை "பெரிய மீனை ராணி வாங்கினாள்" என்று மாற்றலாம், பொருள் கெடாது. "பெரிய ராணி மீனை வாங்கினாள்" என்று மாற்றினால் மீன் சிறுத்து ராணி பெருத்துவிடுகிறாள். ஆகவே "பெரிய", "மீனை" இரண்டும் ஒரே தொடர்.

பகுதி அ: மரம் வரைந்து, அடைப்புக்குறி வடிவத்தையும் எழுதுக

1. மழை பெய்தது.
2. ராணி பெரிய மீனை வாங்கினாள்.
3. அப்பா காத்தான்குடியில் புதிய சாரத்தை வாங்கினார்.
4. தம்பி நேற்று அக்காவுக்குத் தயிர்ச்சட்டியைக் கொடுத்தான்.
5. இது கல்லடிப்பாலம்.

"எனக்குப் பசிக்கிறது" போன்ற வாக்கியங்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். நான்காம் வேற்றுமை ஏற்ற பெயரை எழுவாய் எனக் கொள்ளலாமா என்பது தனியே ஒரு வகுப்பு முழுவதும் பேச வேண்டிய விடயம்.

பகுதி ஆ: பின்வரும் வடிவங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு பிழை உண்டு. பிழை யாதெனக் காரணத்துடன் கூறித் திருத்துக

```
6. [வா [பெ ராணி] [விதொ [பெஅ பெரிய] [விதொ [பெ மீனை] [வி வாங்கினாள்]]]]
7. [வா [பெ மாணவி] [விதொ [விஅ மெதுவாக] [வி வாசித்தாள்]]
8. [வா [விதொ [பெ அப்பா] [பெ சாரத்தை]] [வி வாங்கினார்]]
```

பகுதி இ: வாக்கியத்துக்குள் வாக்கியம்

பெயரெச்சத்தை ஒற்றைச் சொல்லாக நினைத்துப் பெயரடை என்று குறித்துவிடுவதே இப்பகுதியில் வழமையாக நேரும் தவறு. "பிறந்த" என்பது வினை. அதற்கு எழுவாய் உண்டு. அந்த எழுவாய் வெளியே உள்ள பெயரோடு ஒன்றாக இருப்பதால் உள்ளே ஒலிக்கப்படாமல் மறைந்து நிற்கிறது. மறைந்த இடத்தை ∅ என்று குறிக்க.

9. காரைதீவில் பிறந்த விபுலானந்தர் யாழை ஆராய்ந்தார்.
10. மீனவர் கடல் கொந்தளிக்கும் என்று சொன்னார்.

பகுதி ஈ: இரு பொருள், இரு மரம்

விரிவுரையில் பத்து நிமிடத்தில் கடந்துபோன பகுதி இது. என் கருத்தில் கிளை வரைபடம் எதற்குத் தேவை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை, ஏனெனில் சொற்களும் ஒன்றே, அவற்றின் வரிசையும் ஒன்றே, மாறுவது தொகுப்பு மட்டுமே. ஒவ்வொன்றுக்கும் இரண்டு அடைப்புக்குறி வடிவங்களை எழுதி, எந்த வடிவம் எந்தப் பொருளைத் தருகிறது என்பதை ஒரு முழு வாக்கியத்தில் விளக்குக.

11. பழைய பாலத்தின் படம்
12. அக்கா நேற்று வந்த கடிதத்தை வாசித்தாள்.
13. நான் அழுதுகொண்டு ஓடிய பிள்ளையைப் பார்த்தேன்.

விடைகள்

```
1. [வா [பெ மழை] [வி பெய்தது]]
2. [வா [பெ ராணி] [விதொ [பெதொ [பெஅ பெரிய] [பெ மீனை]] [வி வாங்கினாள்]]]
3. [வா [பெ அப்பா] [விதொ [பெ காத்தான்குடியில்] [விதொ [பெதொ [பெஅ புதிய] [பெ சாரத்தை]] [வி வாங்கினார்]]]]
4. [வா [பெ தம்பி] [விதொ [விஅ நேற்று] [விதொ [பெ அக்காவுக்குத்] [விதொ [பெ தயிர்ச்சட்டியைக்] [வி கொடுத்தான்]]]]]
5. [வா [பெ இது] [பெ கல்லடிப்பாலம்]]
```

ஐந்தாவதில் வினை இல்லை. பெயரே பயனிலையாக நிற்கிறது. அங்கே "ஆகும்" என்ற சொல்லை நீங்களாகச் சேர்த்து வரைந்திருந்தால், கொடுக்கப்படாத வாக்கியத்துக்கு மரம் வரைந்ததாகவே கொள்ளப்படும்.

நான்காவதன் மரம்:

```
வா
├─ பெ  தம்பி
└─ விதொ
   ├─ விஅ  நேற்று
   └─ விதொ
      ├─ பெ  அக்காவுக்குத்
      └─ விதொ
         ├─ பெ  தயிர்ச்சட்டியைக்
         └─ வி  கொடுத்தான்
```

6. பெயரடை வினைத்தொடரில் தொங்குகிறது. அதற்கு இடந்தரும் விதி இல்லை. திருத்தம் இரண்டாம் விடையே.

7. திறக்கும் குறிகள் 5, மூடும் குறிகள் 4. வாக்கியக் கணு மூடப்படவில்லை. இறுதியில் ஒரு குறி சேர்க்க வேண்டும்.

8. எழுவாயும் செயப்படுபொருளும் ஒரே தொடராகக் கட்டப்பட்டுள்ளன. "அப்பா சாரத்தை" என்பதற்குப் பதிலாக நிற்கக்கூடிய ஒற்றைச் சொல் இல்லை. அன்றியும், வினைத்தொடர் எனப் பெயரிட்ட தொகுதிக்குள் வினையே இல்லை.

```
8.  [வா [பெ அப்பா] [விதொ [பெ சாரத்தை] [வி வாங்கினார்]]]
9.  [வா [பெதொ [எவா [பெ ∅] [விதொ [பெ காரைதீவில்] [வி பிறந்த]]] [பெ விபுலானந்தர்]] [விதொ [பெ யாழை] [வி ஆராய்ந்தார்]]]
10. [வா [பெ மீனவர்] [விதொ [உவா [வா [பெ கடல்] [வி கொந்தளிக்கும்]] [இ என்று]] [வி சொன்னார்]]]
```

பத்தாவதில் "மீனவர்", "கடல்" ஆகிய இரண்டும் எழுவாய் வடிவில் அடுத்தடுத்து நிற்பதால் பலர் தடுமாறுவர். வினைமுற்றுகளைப் பார்த்தால் குழப்பம் தீரும்: "சொன்னார்" உயர்திணைக்குரியது, "கொந்தளிக்கும்" கடலுக்குரியது.

```
11அ. [பெதொ [பெதொ [பெஅ பழைய] [பெ பாலத்தின்]] [பெ படம்]]
11ஆ. [பெதொ [பெஅ பழைய] [பெதொ [பெ பாலத்தின்] [பெ படம்]]]
```

அ வடிவில் பாலம் பழையது. ஆ வடிவில் படம் பழையது. 2013 இல் புதிய பாலம் திறந்த பின்னும் கல்லடியில் பழைய பாலம் அருகிலேயே நிற்பதால், இன்று காலை கைத்தொலைபேசியில் அதை எடுத்த படம் அ வடிவுக்கு மட்டுமே பொருந்தும்.

```
12அ. [வா [பெ அக்கா] [விதொ [பெதொ [எவா [பெ ∅] [விதொ [விஅ நேற்று] [வி வந்த]]] [பெ கடிதத்தை]] [வி வாசித்தாள்]]]
12ஆ. [வா [பெ அக்கா] [விதொ [விஅ நேற்று] [விதொ [பெதொ [எவா [பெ ∅] [வி வந்த]] [பெ கடிதத்தை]] [வி வாசித்தாள்]]]]
```

அ வடிவில் கடிதம் வந்தது நேற்று, வாசித்தது எப்போதும் ஆகலாம். ஆ வடிவில் வாசித்தது நேற்று. "அக்கா வந்த கடிதத்தை நேற்று வாசித்தாள்" என்று இடமாற்றினால் ஆ வடிவின் பொருள் மட்டுமே எஞ்சும்.

13. "அழுதுகொண்டு" என்பதை வினையடையாகக் கொண்டால் பன்னிரண்டாவதன் இரு மரங்களும் அப்படியே பொருந்தும். எவாவுக்குள் வைத்தால் அழுதது பிள்ளை. வெளியே எடுத்துப் "பார்த்தேன்" என்பதோடு சேர்த்தால் அழுதது நான்.