கட்டுரை நிராகரிப்பை மறுபரிசீலனை செய்யக் கோரும் மேல்முறையீட்டுக் கடிதம்

அனுப்புநர்:
தொடர்பு ஆசிரியர், கட்டுரை எண் 2417

பெறுநர்:
முதன்மை ஆசிரியர் அவர்கள்

பொருள்: உயர் ரத்த அழுத்த நோயாளிகளுக்குச் செவிலியர் வழிநடத்தும் தொடர் கண்காணிப்பு குறித்த கட்டுரையின் நிராகரிப்பு – மேல்முறையீடு

பார்வை: மார்ச் 4 தேதியிட்ட தங்கள் முடிவுக் கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் கட்டுரையை வாசித்துக் கருத்துரைக்க நேரம் ஒதுக்கிய இரு மதிப்பாய்வாளர்களுக்கும் தங்களுக்கும் முதலில் நன்றி தெரிவித்துக்கொள்கிறோம். கட்டுரையை ஏற்பதும் மறுப்பதும் தங்கள் உரிமை என்பதை முழுமையாக மதிக்கிறோம். கட்டுரையின் முக்கியத்துவம் குறித்தோ இதழின் பரப்புக்கு அது பொருந்துமா என்பது குறித்தோ தாங்கள் வேறு கருத்துக் கொண்டிருந்தால் இக்கடிதத்தை எழுதியிருக்க மாட்டோம். ஆனால், திருத்தத்தால் சரிசெய்ய முடியாத புள்ளியியல் குறை என்று இரண்டாம் மதிப்பாய்வாளர் சுட்டியதையே தங்கள் கடிதம் நிராகரிப்புக்கான காரணமாகக் கூறுகிறது. அந்தக் குறை கட்டுரையில் இல்லை. நாங்கள் செய்யாத ஒரு பகுப்பாய்வைச் செய்ததாகக் கொண்டே அந்த விமர்சனம் எழுதப்பட்டிருக்கிறது என்பதால், முடிவை மறுபரிசீலனை செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

ஆய்வின் அமைப்பைச் சுருக்கமாக நினைவூட்டுகிறோம். 18 சிகிச்சை மையங்களைச் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரித்து, 9 மையங்களில் செவிலியர் வழிநடத்தும் கண்காணிப்பும் மற்ற 9 மையங்களில் வழக்கமான கவனிப்பும் அளிக்கப்பட்டன. மையத்துக்கு 30 பேராக மொத்தம் 540 நோயாளிகளின் சிஸ்டாலிக் ரத்த அழுத்தத்தை 6 மாதங்களுக்குப் பின் ஒப்பிட்டோம்.

ஒரே மையத்தைச் சேர்ந்த நோயாளிகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள் என்றும், 540 பேரையும் ஒருவரோடொருவர் தொடர்பற்ற தனித்தனி அவதானிப்புகளாகக் கருதியதால் முடிவின் துல்லியம் மிகைப்படுத்தப்பட்டுள்ளது என்றும் இரண்டாம் மதிப்பாய்வாளர் கூறுகிறார். இதன் முதல் பாதி முற்றிலும் சரி; அந்த ஒப்புமையைப் புறக்கணிக்கும் ஆய்வுகள் உண்மையிலேயே வாசகரைத் தவறாக வழிநடத்துகின்றன என்பதில் அவருடன் நாங்களும் உடன்படுகிறோம். அந்தக் காரணத்தினால்தான் மையத்தைச் சமவாய்ப்பு விளைவாகக் கொண்ட நேரியல் கலப்பு மாதிரியைப் பயன்படுத்தினோம். முறையியல் பகுதியில் புள்ளியியல் பகுப்பாய்வு என்ற தலைப்பின் இரண்டாவது பத்தியில் இது எழுதப்பட்டுள்ளது. தரவு சேகரிப்பு தொடங்குவதற்கு முன்பே பதிவு செய்த ஆய்வு நெறிமுறையிலும் இதே மாதிரிதான் முதன்மைப் பகுப்பாய்வாகக் குறிப்பிடப்பட்டுள்ளது. கொத்துகளின் எண்ணிக்கை குறைவு என்பதால் கென்வர்ட்–ரோஜர் திருத்தத்தையும் சேர்த்திருக்கிறோம்; அதன்படி சிகிச்சை விளைவுக்கான கட்டின்மைக் கூறுகள் ஏறத்தாழ 16 மட்டுமே. நோயாளிகளைத் தனித்தனியாக எண்ணியிருந்தால் அது 500-க்கும் மேல் வந்திருக்கும்.

இதை எண்களைக் கொண்டே சரிபார்க்கலாம். கொத்தக ஒட்டுறவுக் கெழு 0.04 என்று கட்டுரையில் தந்திருக்கிறோம். மையத்துக்கு 30 பேர் இருக்கும்போது வடிவமைப்பு விளைவு 1 + (30 − 1) × 0.04 = 2.16 ஆகிறது. அதாவது, துல்லியத்தைப் பொறுத்தவரை எங்கள் 540 நோயாளிகள் ஏறத்தாழ 250 தனி நோயாளிகளுக்கே சமம். இரு பிரிவுகளுக்கும் இடையிலான வேறுபாடு 5.2 மி.மீ. பாதரசம், அட்டவணை 3 தரும் 95% நம்பிக்கை இடைவெளி 1.2 முதல் 9.2 வரை. மதிப்பாய்வாளர் கருதியபடி மையங்களைப் புறக்கணித்துக் கணக்கிட்டால் இந்த இடைவெளி 2.7 முதல் 7.7 வரை என்று குறுகிவிடும். கட்டுரையில் அச்சாகியிருப்பது அந்தக் குறுகிய இடைவெளி அன்று. மதிப்பாய்வாளர் கோரும் எச்சரிக்கை, நாங்கள் தந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

இந்தத் தவறான புரிதல் எங்கிருந்து எழுந்தது என்று யோசித்துப் பார்த்தோம். அட்டவணை 2, 3 இரண்டிலும் ஒவ்வொரு பிரிவின் தலைப்பிலும் 270 என்ற நோயாளி எண்ணிக்கையே இருக்கிறது. தொடக்க நிலைப் பண்புகளைக் கூறும் அட்டவணை 2-இல் எளிய சராசரிகள் மட்டுமே உள்ளன. அதைப் படித்துவிட்டு உடனே அட்டவணை 3-க்கு வரும் ஒருவர் அங்கும் அதே முறைதான் என்று எண்ண இடமுண்டு. எனவே மையங்களின் எண்ணிக்கை, பயன்படுத்திய மாதிரி, கொத்தக ஒட்டுறவுக் கெழு ஆகிய மூன்றையும் அட்டவணை 3-இன் தலைப்பிலேயே சேர்த்துள்ளோம்.

இரண்டாவது விமர்சனம் படம் 2 பற்றியது. வழக்கமான கவனிப்புப் பிரிவின் திருத்திய சராசரி 146.0, அதன் இடைவெளி 143.2 முதல் 148.8 வரை, செவிலியர் பிரிவின் சராசரி 140.8, இடைவெளி 138.0 முதல் 143.6 வரை. இவ்விரண்டும் 143.2-க்கும் 143.6-க்கும் இடையே ஒன்றன்மேல் ஒன்று படிவதால் பிரிவுகளுக்கிடையே வேறுபாடு இல்லை என்றும், அட்டவணை 3 படம் 2-க்கு முரணானது என்றும் மதிப்பாய்வாளர் முடிவு செய்கிறார். இந்த வாதத்தை ஏற்க இயலாது. இடைவெளிகள் படியாதிருந்தால் வேறுபாடு உண்டு என்று கூறலாம். படிந்தால் வேறுபாடு இல்லை என்று கூற முடியாது. தனித்தனி இடைவெளிகளை அருகருகே வைத்துப் பார்ப்பவர், இரண்டின் அரை அகலங்களையும் அறியாமலே கூட்டிவிடுகிறார்: 2.84 + 2.84 = 5.68. இது 5.2-ஐ விடப் பெரியது என்பதால் படத்தில் அவை படிகின்றன. ஆனால் ஒன்றையொன்று சாராத இரு சராசரிகளின் வேறுபாட்டுக்குத் திட்டப் பிழைகளை நேராகக் கூட்டுவதில்லை. அவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கிறோம். அப்படிச் செய்தால் அரை அகலம் ஏறத்தாழ 4.0 ஆகிறது, 5.2-க்குக் கீழே. ஆகவே படமும் அட்டவணையும் ஒரே மாதிரியிலிருந்து வந்தவை. ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்துபவை. இந்தப் பிழையான வாசிப்பு ஆய்வு இலக்கியத்தில் மிகப் பரவலானது. ஷென்கரும் ஜென்டில்மேனும் 2001-இல் இதைத் தனிக் கட்டுரையாகவே விளக்கியிருக்கிறார்கள்.

மாதிரியையே நம்ப விரும்பாத வாசகருக்காக ஒரு கூடுதல் பகுப்பாய்வையும் இணைத்துள்ளோம். ஒவ்வொரு மையத்துக்கும் ஒரே ஒரு சராசரியை எடுத்து, 18 எண்களை மட்டும் கொண்டு சாதாரண டி-சோதனை செய்தோம். இங்கே நோயாளிகளைத் தனித்தனியாக எண்ண வழியே இல்லை. வேறுபாடு 5.1, இடைவெளி 0.9 முதல் 9.3 வரை. முடிவு மாறவில்லை.

மதிப்பாய்வாளரின் பிற கருத்துகளில் எங்களுக்கு முரண்பாடு இல்லை. கண்காணிப்புக் காலம் 6 மாதங்கள் மட்டுமே என்பதையும், தாமாக முன்வந்த மையங்களின் முடிவை எல்லா மையங்களுக்கும் பொதுமைப்படுத்தக் கூடாது என்பதையும் திருத்திய பிரதியில் வரம்புகள் பகுதியில் விரிவாக எழுதியுள்ளோம். இடைவெளியின் கீழ் எல்லை 1.2 என்பதால், உண்மையான பயன் மிகச் சிறியதாகவும் இருக்கலாம் என்ற வாக்கியத்தைச் சுருக்கத்திலேயே சேர்த்துள்ளோம்.

கட்டுரையை இப்போதே ஏற்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. கொத்துவாரிச் சமவாய்ப்புச் சோதனைகளில் பழக்கமுள்ள ஒரு புள்ளியியலாளரிடம் மேற்கண்ட இரு புள்ளிகளை மட்டுமாவது அனுப்பிக் கருத்துப் பெறுமாறு வேண்டுகிறோம். இத்தகைய சோதனைகளுக்காக 2004-இல் வெளியாகி 2012-இல் புதுப்பிக்கப்பட்ட கன்சார்ட் நீட்டிப்பின் அடிப்படையில் அவர் மதிப்பிட்டால் எங்களுக்கு மகிழ்ச்சியே. இரண்டாம் மதிப்பாய்வாளரே இந்த விளக்கத்தைப் படித்துப் பதிலளிக்க முன்வந்தாலும் வரவேற்கிறோம். அவரது கவலை நேர்மையானது, அது சரியான திசையிலேயே இருந்தது. தரவுகளையும் பகுப்பாய்வு நிரலையும் அடையாள விவரங்கள் நீக்கிய வடிவில் இணைத்திருக்கிறோம்; எந்த எண்ணையும் நேரடியாக மீண்டும் கணக்கிட்டுப் பார்க்கலாம். புள்ளியியலாளர் எங்கள் பகுப்பாய்வில் குறை கண்டால் தங்கள் முடிவை மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்வோம்.

இணைப்புகள்: திருத்திய கட்டுரை, மாற்றங்கள் குறிக்கப்பட்ட பிரதி, மைய அளவிலான பகுப்பாய்வு, தரவும் நிரலும், முன்பதிவு செய்த ஆய்வு நெறிமுறை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தொடர்பு ஆசிரியர்
(உடன் ஆசிரியர்கள் அனைவரின் ஒப்புதலுடன்)